கட்டியானதும் சுட்ட பை

தங்கச்சி மகள் கேட்ட ஒரு கேள்விக்கு நான் தப்பான பதிலைச் சொன்னேன். அது தப்பு என்று அவளே இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டாள். அந்தப் பதிலைச் சரிசெய்ய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. நான் மருந்துக்கடையில் 18 வருடமாக வேலை பார்க்கிறவள். சூட்டுப்பை, குளிர்ப்பை எல்லாம் தினமும் என் கையால் எடுத்துக் கொடுப்பவைதான். அதனாலேயே யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

நாங்கள் இருப்பது சுங்கை சிப்புட்டில். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, லயத்தை விட்டு டவுன் பக்கம் வீட்டுக்கு வந்தோம். அம்மா இன்னமும் விடிகாலை நாலரைக்கு எழுந்துவிடுவார். வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும் என்பதால் அந்தக் காலத்தில் பழகிய நேரம் அது. எழுந்ததும் விரல்கள் மடங்காது. கத்தி பிடித்த வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் விறைத்துக்கொண்டு நிற்கும். வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்த பிறகுதான் கோப்பிக் கிளாஸையே தூக்க முடியும். தீபாவளிக்கு மெல்பர்னிலிருந்து வந்த தம்பி இதைப் பார்த்துவிட்டு, தன் பெட்டியிலிருந்து இரண்டு சின்னப் பைகளை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளங்கை அளவு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், உள்ளே தெளிந்த திரவம். அதில் பத்துக் காசு அளவில் ஒரு வட்டத் தகடு மிதந்துகொண்டிருந்தது. அங்கே குளிர்காலத்தில் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்களாம். "தகட்டை மடக்குனா சூடாயிரும்மா, அப்புறம் கொதிக்கிற தண்ணியில போட்டா பழையபடி ஆயிரும்" என்று அவன் சொன்னதை யாரும் சரியாகக் காதில் வாங்கவில்லை. பைகள் அலமாரிக்குப் போயின.

பள்ளி விடுமுறையில் தங்கச்சி மகள் எங்களோடு தங்க வந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். நாலாம் ஆண்டு முடித்தவள். மூன்று நாளாக விடாத மழை. அலமாரியைக் குடைந்து பையை எடுத்துப் பிசைந்துகொண்டிருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். டக்கென்று ஒரு சத்தம், தகரடப்பா மூடியை அமுக்கினால் வருமே, அதுபோல. அடுத்து அவள் குரல்.

"பெரியம்மா! இது பூ பூக்குது!"

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பாதிப் பை வெள்ளையாகியிருந்தது. தகட்டிலிருந்து ஊசி ஊசியாய் வெள்ளை இழைகள் விசிறிபோல் விரிந்து பையின் ஓரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. ஒரு சில நொடிதான். பை முழுக்க வெள்ளைக் கட்டி. பாப்பா அதைக் கீழே போட்டுவிட்டுக் கையை உதறினாள். "சுடுது பெரியம்மா" என்றவள், கொஞ்சம் நிதானித்துவிட்டு, என்னை இன்றுவரை விடாத அந்தக் கேள்வியைக் கேட்டாள். "தண்ணி கட்டியானா ஐஸ் மாதிரி சில்லுனுதானே இருக்கணும்? இது ஏன் கட்டியாகிச் சுடுது?"

நான் சொன்ன பதில் இதுதான்: "உள்ள ரெண்டு மருந்து தனித்தனியா இருக்கும்மா. நீ அமுக்குனதும் ரெண்டும் கலந்து சூடாயிருச்சு."

எங்கள் கடையில் விற்கிற உடனடிக் குளிர்ப்பை அப்படித்தான் வேலை செய்யும். உள்ளே தண்ணீர்ப் பை ஒன்று இருக்கும். அமுக்கினால் அது உடைந்து உப்போடு கலக்கும். குளிர்நாட்டுக்குப் போகிறவர்கள் வாங்கிப் போகிற சூட்டுப்பை வேறு வகை. அதில் இரும்புத் தூள் இருக்கிறது. உறையைப் பிரித்ததும் காற்றுப் பட்டுத் துருப்பிடிக்கத் தொடங்கும், அந்தத் துருப்பிடித்தலில் சூடு வரும். இரண்டுமே ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற சாமான்கள். நான் இவற்றை மனதில் வைத்துக்கொண்டு மூன்றாவதான ஒன்றைப் பற்றிப் பேசிவிட்டேன்.

பால் கட்டுற மாதிரியா?

பாப்பாவுக்கு என் பதிலைவிடப் பாட்டியின் அனுபவத்தில் நம்பிக்கை அதிகம். பையை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினாள். அம்மா அதைத் தொட்டுப் பார்த்ததும், "நம்ம பால் கட்டுற மாதிரி இருக்கு" என்றார். இதை அறியாத வாசகர்கள் இங்கே குறைவு என்றாலும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மங்கில் சேர்ந்த பாலை ஸ்டோருக்குக் கொண்டுவந்து, தண்ணீர் விட்டு வடிகட்டி, தட்டில் ஊற்றிப் பார்மிக் ஆசிட் கலந்து வைப்பார்கள். அது உறைந்து தோசைமாவுக் கட்டிபோல் ஆனதும் மிஷினில் கொடுத்துத் தகடாக உருட்டுவார்கள். அம்மாவின் கண்ணுக்குப் பையில் நடந்ததும் அதுவாகவே பட்டது. தெளிந்திருந்தது கட்டியாகிவிட்டது, யாரோ ஆசிட் விட்டிருக்கிறார்கள்.

பாப்பா அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. அவள் கேட்ட இரண்டு கேள்விகளை நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பால் கட்டும்போது சுடுமா பாட்டி?"

"சுடாதுடா. கையை விட்டு அள்ளுவோமே. பச்சத் தண்ணி மாதிரிதான் இருக்கும்."

"கட்டுன பாலைக் கொதிக்க வச்சா திரும்பப் பாலாகுமா?"

"அது எப்படி ஆகும்? கட்டுனது கட்டுனதுதான்."

இந்த இரண்டு பதிலும் பாப்பாவுக்குப் போதுமாக இருந்தன. ரப்பர்ப் பால் ஆசிட்டில் கட்டியாவது திரும்பி வராத மாற்றம். பாலில் மிதக்கிற நுண்ணிய ரப்பர்த் துளிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக இருக்கும். ஆசிட் அந்தத் தள்ளுவிசையைப் போக்கிவிடுவதால் எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. மாமா கொடுத்த பையோ கொதிக்கும் தண்ணீரில் போட்டால் பழையபடி ஆகும் என்று சொல்லிக் கொடுக்கப்பட்டது. அப்படியானால் இது அது இல்லை. நான் சொன்னதும் இல்லை. "ரெண்டு மருந்து கலந்துருச்சுன்னா, கொதிக்க வச்சா மட்டும் எப்படிப் பெரியம்மா பிரியும்?" என்று என்னிடம் வந்து நின்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.

அந்த வெள்ளைப் பொட்டு

அன்று மாலையே கொதிக்க வைத்துப் பார்த்தோம். சட்டியின் அடியில் ஒரு பழைய துணியை மடித்துப் போட்டோம். சட்டியின் சூடான உலோகம் நேரே பட்டால் பை உருகி ஓட்டை விழும். தண்ணீர் கொதித்ததும் பையைப் போட்டோம். ஐந்து நிமிடத்தில் ஓரங்கள் தெளிந்தன. பத்து நிமிடத்தில் முழுக்கத் தெளிந்துவிட்டதுபோல் இருந்தது. இடுக்கியால் எடுத்து ஒரு தட்டில் ஆற வைத்தோம். பாப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தாள்.

அரை மணி நேரம் கழித்து, யாரும் தொடாமலே, பை மறுபடியும் கட்டியாயிற்று.

அவள் அழுதுவிட்டாள். தான் எதுவும் செய்யவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு முதலில் பை கெட்டுவிட்டது என்றுதான் தோன்றியது. அழுகை நின்றதும் அவள் சொன்ன ஒரு விஷயம்தான் இந்தக் கதையின் திருப்பம். பையை எடுத்தபோது அதன் ஒட்டுவாய் ஓரத்தில் அரிசி நுனி அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு இருந்ததாம். பை ஆறிக்கொண்டிருந்தபோது வெள்ளை அந்த மூலையிலிருந்துதான் கிளம்பியதாம், தகட்டிலிருந்து இல்லையாம். அவள் விரலை வைத்து இடத்தைக் காட்டினாள்.

அம்மா அப்போது ராத்திரிக்குத் தயிர் உறை ஊற்றிக்கொண்டிருந்தார். வெதுவெதுப்பான பாலில் ஒரு கரண்டி பழைய தயிர். பாப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப அந்த வெள்ளைப் பொட்டுதான் உறை மோரா பெரியம்மா?" என்றாள்.

அதுதான். பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதெல்லாம் அந்தக் கேள்விக்கான விரிவுரை. பையில் இருப்பது சோடியம் அசிடேட் என்கிற உப்பும் தண்ணீரும். வினிகரின் உப்பு என்று சொன்னால் எளிதாகப் புரியும். வினிகரில் சோடா மாவைப் போட்டால் நுரைத்துப் பொங்கிய பிறகு தண்ணீரில் தங்குவது அதுவே. இந்த உப்பு கட்டியாகும்போது ஒவ்வொரு பங்கு உப்பும் மூன்று பங்கு நீர் மூலக்கூறுகளைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். அந்தப் படிகம் 58 டிகிரி செல்சியஸில் உருகும். அப்படியானால் எங்கள் வீட்டு வெயிலில், 28 டிகிரியில், அது கல்லாக அல்லவா இருக்க வேண்டும்? இருக்க வேண்டியதுதான். ஆனால் அடுக்கத் தொடங்குவதற்கு ஒரு முதல் அடுக்கு வேண்டும். திரவத்தில் தற்செயலாகச் சேர்கிற சின்னச் சின்னக் கூட்டங்கள் வளர்வதற்குள் கலைந்துபோகின்றன. அதனால் உறைய வேண்டிய வெப்பநிலைக்கு வெகு கீழே வந்த பிறகும் அது திரவமாகவே, ஆரம்பித்து வைக்க ஆள் இல்லாமல், காத்துக் கிடக்கிறது. உருகாமல் மிஞ்சிய ஒரே ஒரு துளிப் படிகம் அந்த ஆரம்பத்தைக் கொடுத்துவிடும். அதன்மேல் அடுத்த வரிசை, அதன்மேல் அடுத்தது என்று பை முழுக்க ஓடிவிடும். நூலைக் கட்டித் தொங்கவிட்டுக் கற்கண்டு விளைவிப்பவர்களுக்கு இது தெரிந்த வித்தை.

உறை மோர் என்கிற உவமைக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் பாப்பாவிடம் சொன்னேன். தயிரில் இருப்பது உயிருள்ள கிருமி. அது பெருகுவதற்கு ஓர் இரவு வேண்டும். பையில் உயிர் எதுவும் இல்லை, பெருகுவது அடுக்கின் ஒழுங்கு மட்டும். அதனால்தான் நொடிகளில் முடிந்துவிடுகிறது.

அடுத்த தடவை இருபது நிமிடம் கொதிக்க வைத்தோம். எடுத்ததும் பாப்பா பையை விளக்குக்கு நேரே பிடித்து, ஒட்டுவாய், மூலைகள், தகட்டின் அடிப்பக்கம் எல்லாம் பார்த்தாள். தகட்டுக்கு அடியில் ஒரு பொட்டு இருந்தது. மறுபடி சட்டிக்குள் போயிற்று. அதன் பிறகு அந்தப் பை இரவு முழுக்கத் தெளிவாகவே இருந்தது. இப்படிப்பட்ட பை வைத்திருப்பவர்கள் ‘தானாகவே கட்டியாகிறது, கெட்டுப்போய்விட்டது’ என்று தூக்கிப் போடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த அரிசி நுனி வெள்ளைதான். நேரத்தைப் பார்க்காமல் பொட்டைப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் முக்கியம்: அவசரத்துக்கு மைக்ரோவேவில் வைத்துவிடக் கூடாது, உள்ளே உலோகத் தகடு இருக்கிறது.

தகடு என்ன செய்கிறது?

பாப்பாவின் அடுத்த சந்தேகம் நியாயமானது. பொட்டு எதுவும் மிஞ்சாமல் உருக்கியாயிற்று. பிறகு தகட்டை மடக்கினால் மட்டும் எப்படிக் கட்டியாகிறது? அவள் பையைக் குலுக்கினாள், மேசையில் தட்டினாள், தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினாள், ஒரு நாள் முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்தாள். எதற்கும் அசையவில்லை. தகட்டை டக்கென்று மடக்கினால் மட்டும் உடனே பூக்கிறது.

மடக்கும்போது வருகிற அதிர்வுதான் காரணம் என்று நான் ஊகித்தேன். அதுவும் சரியில்லை. தட்டும்போதும் அதிர்வு வருகிறதே. 2003-இல் ரோஜர்சன், கார்டோசோ என்கிற இரண்டு ஆய்வாளர்கள் இதே சூட்டுப்பைகளை எடுத்துக்கொண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் வந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. தகட்டின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களும் பிளவுகளும் இருக்கின்றன. அந்த இடுக்குகளில் நுண்ணிய படிகங்கள் இறுகச் சிக்கிக்கொள்கின்றன. இறுக்கத்தில் இருப்பதால், வெளியே மற்றதெல்லாம் உருகுகிற சூட்டிலும் அவை உருகாமல் தப்பிக்கின்றன. தகட்டை மடக்கும்போது பிளவு வாய் திறக்கிறது. உள்ளே இருந்த படிகம் திரவத்தைத் தொடுகிறது. அதுவே உறை மோர்.

இதை நான் சொன்னதும் பாப்பா வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப நாம கொதிக்க வைக்கும்போது எல்லாத்தையும் உருக்கல. கொஞ்சம் ஒளிஞ்சிருக்கு" என்றாள். ஆமாம். ஒட்டுவாயில் ஒளிந்தது எங்களைக் கெடுத்தது, தகட்டில் ஒளிந்தது எங்களுக்கு உதவுகிறது. வித்தியாசம் அது திரவத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா இல்லையா என்பதில் மட்டும் இருக்கிறது.

சூடு எங்கே இருந்தது?

ஆனால் முதல் கேள்வி அப்படியே நின்றது. ஏன் சுடுகிறது? ஐஸ் கட்டியானால் சில்லென்று இருக்கிறது, இது கட்டியானால் சுடுகிறது. தெளிவான பை இரண்டு நாள் மேசையில் கிடந்தது, தொட்டால் மேசையைப் போலவேதான் இருந்தது. சூடு அதுவரை எங்கே போயிருந்தது?

இங்கே நான் ஒரு விஷயத்தைத் தலைகீழாகப் பார்க்கப் பழக வேண்டியிருந்தது. தண்ணீர் உறையும்போதும் சூடு வெளியேறுகிறது. குளிர்பெட்டி அந்தச் சூட்டை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. பெட்டியின் பின்பக்கம் கையை வைத்தால் தெரியும். எந்தப் பொருளும் உருகும்போது சூட்டை விழுங்கும், திரும்பக் கட்டியாகும்போது விழுங்கியதைக் கொடுத்துவிடும். 1760-களில் ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் இதைத்தான் அளந்து காட்டினார். பனிக்கட்டி உருகும்போது வெப்பமானி நகராமல் நிற்கிறது, ஆனாலும் சூடு உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது என்றார். பள்ளிப் புத்தகத்தில் உள்ளுறை வெப்பம் என்று நாம் படித்தது அது. ஐஸுக்கும் பைக்கும் உள்ள வேறுபாடு, உறைகிற இடம். ஐஸ் உறைவது 0 டிகிரியில், அதனால் நம் கைக்குச் சில்லென்று இருக்கிறது. இந்த உப்பு கட்டியாகிற இடம் 58 டிகிரி, அதனால் சுடுகிறது.

பாப்பாவுக்காக நான் கணக்குப் போட்டேன். பை ஏறத்தாழ 100 கிராம். இந்த உப்புப் படிகம் ஒரு கிராம் உருக ஏறத்தாழ 260 ஜூல் சூடு வேண்டும். 100 கிராமுக்கு 26,000 ஜூல். இதை அவளுக்கு இப்படிச் சொன்னேன்: அரை கிளாஸ் தண்ணீரை, 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குக் கொண்டுபோகிற அளவு சூடு. அவ்வளவும் நம் கேஸ் அடுப்பிலிருந்து சட்டித் தண்ணீர் வழியாகப் பைக்குள் போனது. பையை ஆற வைத்தபோது அதில் கொஞ்சமும் வெளியே வரவில்லை, ஏனென்றால் அது கட்டியாகவே இல்லை. ஆறியது திரவத்தின் சூடு மட்டும்தான். உருகுவதற்காக விழுங்கியது திரவமாக இருக்கும்வரை உள்ளேயே தங்கிவிட்டது.

"அப்ப இது புதுசா வந்த சூடு இல்லையா? நம்ம அடுப்புச் சூடா?" என்று கேட்டாள்.

"நீ அன்னைக்கு வச்ச அடுப்புச் சூடுதான்மா."

முதல் நாள் அவள் மடக்கிய பையில் இருந்தது மெல்பர்னில் தம்பி வீட்டு அடுப்பின் சூடு. அதை நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள். மாமா வீட்டில் கொதிக்க வைத்தது விமானத்தில் வந்து, இங்கே அலமாரியில் வாரக்கணக்கில் கிடந்து, தன் கையில் சுட்டிருக்கிறது என்று பாட்டியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

கேக் செய்ய வாங்கிய வெப்பமானி ஒன்று வீட்டில் இருந்தது. அதைப் பைக்குள் விட முடியாது, பையை அதன்மேல் மடித்துத் துணி சுற்றினோம். 28 டிகிரியில் இருந்த பை, மடக்கிய சற்று நேரத்தில் 53-க்கு ஏறி அங்கேயே நின்றது. பாப்பா இன்னும் ஏறும் என்று காத்திருந்தாள். ஏறவில்லை. ஏற முடியாது. உருகுகிற வெப்பநிலையைத் தொட்டால் மேலும் கட்டியாவது நின்றுவிடும், அங்கிருந்து சூடு ஆற ஆறத்தான் மிச்சம் கட்டியாகும். தன் சூட்டுக்குத் தானே கூரை போட்டுக்கொண்டிருக்கிறது. பையில் கொஞ்சம் கூடுதல் தண்ணீர் விட்டிருப்பதால் அந்தக் கூரை 58-க்குச் சில டிகிரி கீழே வந்துவிடுகிறது. அதனால்தான் துண்டில் சுற்றி வைத்தால் முக்கால் மணி நேரம் ஒரே இதமாக இருக்கிறது.

குளிர்பெட்டியில் வைத்து எடுத்த பையையும் அளந்தோம். அது 50-ஐத் தாண்டவில்லை, சீக்கிரமும் ஆறிவிட்டது. இதற்கும் அதே கணக்குப் பதில் சொல்கிறது. திரவத்தை ஒரு கிராமுக்கு ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 3 ஜூல் வேண்டும். நம் ஊர் 28 டிகிரியிலிருந்து கிளம்பினால் தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ள ஒரு கிராமுக்கு 75 ஜூல் போகும், அதாவது இருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சம் கைக்கு. குளிர்பெட்டியின் 4 டிகிரியிலிருந்து கிளம்பினால் பாதிக்கு மேல் தனக்கே செலவாகிவிடும். அம்மாவின் விரலுக்கு இந்தப் பை தம்பியின் ஊரைவிட நம் ஊரில் நன்றாக உழைக்கிறது.

53 டிகிரி வயதானவர்களின் தோலுக்கு அதிகம். அம்மாவுக்கு இனிப்புநீர் வேறு, விரல் நுனியில் உணர்ச்சி கொஞ்சம் மந்தம். சுடுவது தெரியாமலே கொப்புளம் வந்துவிடலாம். அதனால் தடித்த துண்டில் இரண்டு சுற்று சுற்றி, முதலில் என் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம். கடையில் சூட்டுப்பை கேட்டு வரும் பெரியவர்களிடமும் இப்போது இதை முதலில் கேட்கிறேன்.

விடுமுறை முடிகிற வாரத்தில் இரண்டு பைகளில் ஒன்று ஒட்டுவாயில் கசிந்தது. எத்தனை தடவை கொதித்திருக்கும் என்று பாப்பாவின் நோட்டில் கணக்கு இருந்தது: 23. கசிந்த திரவம் மேசையில் சிந்திய இடத்தில் லேசாகப் புளித்த வாடை. அம்மா மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "இது ஸ்டோர் வாசனை" என்றார். முதல் நாள் அவர் சொன்ன பால் கட்டுகிற கதையை நாங்கள் தள்ளிவிட்டோம். இப்போது அவர் மூக்கு ஓர் உறவைப் பிடித்துவிட்டது. ஸ்டோரில் ஊற்றிய பார்மிக் ஆசிட்டும் வினிகரின் அசிட்டிக் ஆசிட்டும் ஒரே குடும்பம். அந்தக் காலத்தில் மலாயாத் தோட்டங்களில் பால் கட்ட அசிட்டிக் ஆசிட்டையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சாப்பாட்டுப் பொருட்களில்கூடச் சேர்க்கிற உப்பு என்பதால் பயமில்லை, ஈரத் துணியால் துடைத்தோம்.

பாப்பா அதை முழுக்கத் துடைக்க விடவில்லை. பையில் மிச்சமிருந்ததை ஒரு ஜாம் போத்தலில் ஊற்றி மூடி, கொதிக்கும் தண்ணீரில் நிறுத்தி, பொட்டு எதுவும் மிஞ்சாதவரை காத்திருந்து, மூடியைத் திறக்காமலே ஆற வைத்தாள். சிந்தியது காய்ந்து வெள்ளைத் துகளாகியிருந்தது. அதில் ஒன்றை நகத்தால் சுரண்டி எடுத்து, பாட்டியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள். போத்தலைத் திறந்து, அந்தத் துகளைப் போட்டாள். அது விழுந்த இடத்திலிருந்து வெள்ளை கிளம்பி, போத்தலின் அடிவரை இறங்கி நின்றது. அம்மா தன் மடங்காத இரண்டு விரல்களைப் போத்தலின் பக்கத்தில் வைத்து, வெகு நேரம் எடுக்காமலே உட்கார்ந்திருந்தார்.